அண்ணன் மில் நூல், தம்பி கம்பெனி பனியன்: கிலோவுக்கு என்ன விலை?

ஒரு குடும்பக் கம்பெனியைக் கற்பனை செய்துகொள்வோம். உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு நூற்பு மில், அதை அண்ணன் பார்க்கிறார். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி, அதைத் தம்பி பார்க்கிறார். சட்டப்படி இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே வங்கிக் கணக்கு, ஒரே வருமான வரித் தாக்கல். ஆனால் யார் எப்படி நடத்துகிறார்கள் என்று தெரியவேண்டும் என்பதற்காக அப்பா கணக்கை இரண்டாகப் பிரித்துவிட்டார். அவரவர் பிரிவின் மாத லாபத்தில் அவரவருக்கு ஒரு பங்கு.

ஒரு நாள் பனியன் கம்பெனி வாசலில் நூல் லாரி வந்து நிற்கிறது. பையில் இருக்கும் பெயர் வேறொரு மில்லுடையது. அதே நேரத்தில், ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் சொந்த மில்லில் ரிங் ஃபிரேம்களில் மூன்றில் ஒரு பங்கு விளக்கணைத்து நிற்கிறது. அப்பாவுக்குக் கோபம் வராமல் இருக்குமா? ஆனால் தம்பியைக் கேட்டால் அவர் கையில் கணக்கு இருக்கிறது. அண்ணனைக் கேட்டால் அவர் கையிலும் இருக்கிறது. இரண்டு கணக்கிலும் கூட்டல் கழித்தல் பிழை ஏதும் இல்லை.

ஒரே கம்பெனியின் ஒரு பிரிவு இன்னொரு பிரிவுக்குச் சரக்கு கொடுக்கும்போது போடும் விலைக்கு டிரான்ஸ்ஃபர் பிரைஸ் என்று பெயர். நாம் உள்விலை என்று வைத்துக்கொள்ளலாம். செய்தித்தாளில் இந்தச் சொல் வந்தால் அது பெரும்பாலும் வேறு விஷயம்: பன்னாட்டு நிறுவனங்கள் நாடுவிட்டு நாடு லாபத்தை நகர்த்துவதும், வருமான வரித் துறை அதைத் துரத்துவதும். இந்தியாவில் அதற்கான விரிவான விதிகள் 2001-இல் வந்தன. நம் அண்ணன் தம்பிக்கு அந்தத் தொல்லை இல்லை. இவர்களுடையது வீட்டுக்குள் நடக்கும் பேரம்.

இனி எண்களுக்கு வருவோம். எல்லாம் சொல்லவந்ததற்காக நான் போட்டுக்கொண்டவை.

மில்லின் திறன் மாதம் 1,00,000 கிலோ நூல். சந்தை மந்தம், வெளி வாடிக்கையாளர்கள் எடுப்பது 65,000 கிலோதான். அவர்களுக்கு விலை கிலோ 260 ரூபாய். ஒரு கிலோ நூற்கப் பஞ்சு, யூனிட் கணக்கில் வரும் மின்சாரம், பேக்கிங் எல்லாம் சேர்த்து 200 ரூபாய் ஆகிறது. நூற்றால் வரும், நூற்காவிட்டால் வராது. இதை மாறும் செலவு என்பார்கள். வெளியே விற்கும்போது ஏஜெண்ட் கமிஷன், கடன் நாளுக்கான வட்டி என்று இன்னொரு 6 ரூபாய். ஆக வெளி விற்பனையில் கிலோவுக்கு நிற்பது 54 ரூபாய். இதற்கு அப்பால் மில் ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாதம் 40 லட்சம் போகிறது: மாதச் சம்பளம், கடன் வட்டி, தேய்மானம், மின்வாரியத்துக்குக் கட்டும் டிமாண்ட் சார்ஜில் பெரும்பகுதி. முழுத் திறனில் ஓடினால் இது கிலோவுக்கு 40 ரூபாய் விழும்.

தம்பிக்கு ஓர் ஆர்டர் வந்திருக்கிறது. மாதம் 30,000 கிலோ நூல் வேண்டும். வெளியே ஒரு மில், அங்கேயும் கதிர்கள் சும்மா நிற்பதால், மொத்தமாக எடுத்தால் 235 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறது.

"அண்ணா, நீங்க என்ன ரேட் போடுவீங்க?"

"பஞ்சும் கரண்டும் 200, நிலைச் செலவு 40. அடக்கமே 240 ஆகுது தம்பி. மேல 10 ரூபா வெச்சு 250 போட்டுக்கறேன். வெளி ஆளுக்கு 260."

"வெளியில 235-க்குக் கொண்டுவந்து இறக்கறேங்கறான். உங்ககிட்ட 250-க்கு வாங்கினா இந்த ஆர்டர்ல எனக்கு 2 லட்சம் நஷ்டம்ணா."

லாரி அப்படித்தான் வந்தது.

தம்பி சொன்ன 2 லட்சத்தைச் சரிபார்ப்போம். ஆர்டரின் மதிப்பு, ஒரு கிலோ நூலுக்கு 520 ரூபாய் என்று வைத்தால், 156 லட்சம். நிட்டிங், சாயம், தையல், பேக்கிங் கிலோவுக்கு 230, அதாவது 69 லட்சம். அவர் பிரிவின் நிலைச் செலவு 14 லட்சம். நூலுக்கு முன் 73 லட்சம் கையில் இருக்கிறது. 250 ரூபாய் நூலுக்கு 75 லட்சம் போனால் 2 லட்சம் நஷ்டம். 235 ரூபாய் நூலுக்கு 70.5 லட்சம் போனால் 2.5 லட்சம் லாபம். தம்பியின் இடத்தில் யார் இருந்தாலும் வெளி லாரியைத்தான் கூப்பிடுவார்கள்.

ஆனால் கம்பெனியின் பார்வையில் என்ன நடந்தது? வெளியாருக்கு 70.5 லட்சம் ரூபாய் கைவிட்டுப் போனது. சொந்த மில்லில் நூற்றிருந்தால் கூடுதலாகச் செலவாகியிருப்பது 30,000 கிலோவுக்கு 200 வீதம் 60 லட்சம் மட்டும். அந்த 40 லட்சம் நிலைச் செலவு நூற்றாலும் போகும், நூற்காவிட்டாலும் போகும். வெளியே வாங்குவதால் அதில் பத்துப் பைசா மிச்சமாவதில்லை. ஆகவே மாதம் 10.5 லட்சம் இழப்பு. வெளி விற்பனையில் 35.1 லட்சம் ஈட்டி 40 லட்சம் செலவழிக்கும் மில்லுக்கு 4.9 லட்சம் நஷ்டம், தம்பிக்கு 2.5 லட்சம் லாபம், ஆக மொத்தக் கம்பெனி 2.4 லட்சம் நஷ்டத்தில் நிற்கிறது. உள்ளே நூற்றிருந்தால் 8.1 லட்சம் லாபத்தில் நின்றிருக்கும்.

அண்ணனின் பிழை எங்கே? அவர் 240-ஐ அடக்கம் என்றார். சும்மா நிற்கும் கதிரில் நூற்கும் நூலின் அடக்கம் 240 இல்லை, 200. இன்னொரு வேடிக்கையும் உண்டு. நிலைச் செலவை முழுத் திறனால் வகுக்காமல், உண்மையில் நூற்ற 65,000 கிலோவால் வகுத்திருந்தால் கிலோவுக்குச் சுமார் 61.5 ரூபாய் விழுந்து அடக்கம் 261.5 என்று வந்திருக்கும். ஓட்டம் குறையக் குறைய அடக்கம் ஏறும். அடக்கம் ஏறினால் உள்விலை ஏறும். உள்விலை ஏறினால் தம்பி வெளியே போவார். ஓட்டம் இன்னும் குறையும். முழு அடக்கத்தை உள்விலையாக வைக்கும் கம்பெனிகள் மந்த காலத்தில் இந்தச் சுழலில்தான் மாட்டுகின்றன.

திறன் சும்மா கிடக்கும்போது உள்விலைக்கு இரண்டு எல்லைகள். கீழ் எல்லை, கொடுக்கிற பிரிவுக்குக் கூடுதலாக ஆகும் செலவு: 200. மேல் எல்லை, வாங்குகிற பிரிவு வெளியே கொடுக்கவேண்டிய விலை: 235. இதற்குள் எந்த விலை வைத்தாலும் இரண்டு பேருக்கும் உள்ளே வாங்கி விற்பதில் நஷ்டமில்லை.

இந்த எல்லைக்குள் விலை நகரும்போது பிரிவு லாபம் எப்படி ஆடுகிறது என்று பாருங்கள். 200 ரூபாய் என்றால் அண்ணனின் நஷ்டம் அதே 4.9 லட்சம், தம்பியின் லாபம் 13 லட்சம். 220 என்றால் அண்ணனுக்கு 1.1 லட்சம் லாபம், தம்பிக்கு 7 லட்சம். 235 என்றால் அண்ணனுக்கு 5.6 லட்சம், தம்பிக்கு 2.5 லட்சம். மூன்றிலும் கூட்டிப் பாருங்கள், 8.1 லட்சம்தான். அப்பா குறுக்கிட்டு, "வெளிய வாங்கக் கூடாது, அண்ணன் சொன்ன 250-க்கே எடுத்துக்கோ" என்று அதட்டினாலும் அண்ணனுக்கு 10.1 லட்சம் லாபம், தம்பிக்கு 2 லட்சம் நஷ்டம், மொத்தம் மறுபடியும் 8.1. நூல் உள்ளே நூற்கப்படுகிறது என்று முடிவான பிறகு, உள்விலை கம்பெனியின் லாபத்தில் ஒரு ரூபாயைக் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை. அது 10.5 லட்சத்தை யார் கணக்கில் எழுதுவது என்பதை மட்டுமே தீர்மானிக்கிறது.

அப்படியானால் ஏதோ ஒரு விலையை வைத்துவிட்டுப் போகலாமே என்று தோன்றும். முடியாது. காரணம், தம்பியின் மேசைக்கு அடுத்த வாரமே இன்னொரு கடிதம் வரும்.

விலை 220 என்று ராசியாகிவிட்டது என்று வைப்போம். மில்லில் இன்னும் 5,000 கிலோவுக்கு இடம் இருக்கிறது. ஒரு வெளிநாட்டு பையர் அந்த அளவுக்கு ஒரு சின்ன ஆர்டர் தருகிறார், ஆனால் விலை குறைவு: கிலோ நூலுக்கு 440 ரூபாய்தான் வரும். தம்பியின் சொந்த மாறும் செலவு 230 போக 210 மிச்சம். நூலுக்கு 220 கொடுக்கவேண்டும். கிலோவுக்கு 10 ரூபாய் கைப்பிடித்தம். வேண்டாம் என்று பதில் எழுதிவிடுவார். ஆனால் கம்பெனிக்கு அந்த நூல் 200 ரூபாய்தானே? கிலோவுக்கு 10 ரூபாய் நின்றிருக்கும், 50,000 ரூபாய் வந்திருக்கும். வராத அந்தப் பணம் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் பதிவாகாது. இந்த வகை நஷ்டத்தின் ஆபத்தே அதுதான்.

அமெரிக்கப் பொருளியலாளர் ஜாக் ஹெர்ஷ்லைஃபர் 1956-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதைத்தான் நிறுவினார்: நல்ல போட்டியுள்ள வெளிச்சந்தை இல்லாத இடத்தில், கடைசிக் கிலோவுக்கு ஆகும் கூடுதல் செலவே உள்விலையாக இருந்தால்தான் பிரிவுகள் கம்பெனிக்கு உகந்த முடிவை எடுக்கும். நம் கணக்கில் அது 200. ஆனால் 200 வைத்தால் அண்ணனுக்கு மாதம்தோறும் 4.9 லட்சம் நஷ்டம் காட்டும். எவ்வளவு உழைத்து நூற்றாலும் தம்பிக்குக் கொடுத்ததில் அவருக்கு ஒரு பைசா ஒட்டாது. இரண்டு வருடம் இப்படியே போனால் யாராவது ஓர் ஆடிட்டர் அப்பாவின் காதில் "நஷ்டத்துல ஓடற மில்லை மூடிடலாமுங்க" என்பார்.

மூடலாமா? மூடினால் தம்பி 235-க்கு வெளியே வாங்கவேண்டும், 10.5 லட்சம் போகும். வெளி வாடிக்கையாளர்களிடம் வந்த 35.1 லட்சமும் போகும். ஆக 45.6 லட்சம் இழந்து, நிலைச் செலவு முழுவதும் நின்றுபோவதாகவே வைத்துக்கொண்டாலும், மிச்சமாவது 40 லட்சம். நஷ்டம் காட்டும் அந்த மில் உண்மையில் கம்பெனிக்கு மாதம் 5.6 லட்சம் தருகிறது. இந்த 5.6-ஐ முன்பே பார்த்தோம். உள்விலை 235 என்று வைத்தால் அண்ணன் கணக்கில் வரும் லாபம் அதுதான்.

என் பார்வையில் இந்த விஷயத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. நூல் எடுப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்க 200 சரியான விலை. மில் இருப்பதால் கம்பெனிக்கு என்ன பயன் என்று அளக்க 235 சரியான விலை. ஒரே எண்ணை இரண்டு வேலைக்கும் அனுப்பினால் ஏதாவது ஒன்றில் அது பொய் சொல்லும். 220 நியாயமான நடுவிலை போலத் தெரிகிறது; அது இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் பொய் சொல்கிறது.

இதற்கு நடைமுறையில் இருக்கும் வழிகளில் எனக்குப் பிடித்தது விலையை இரண்டாகப் பிரிப்பது. தம்பி எடுக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் 200. அதோடு, எடுக்கும் அளவு எதுவானாலும், மில்லின் திறனை அவருக்காக ஒதுக்கி வைப்பதற்கு மாதம் 6 லட்சம் என்று ஒரு நிலையான தொகை. மின்வாரியம் டிமாண்ட் சார்ஜையும் யூனிட் சார்ஜையும் தனித்தனியாக வாங்குகிறதே, அதே முறை. முதல் ஆர்டரில் அண்ணனுக்கு 1.1 லட்சம், தம்பிக்கு 7 லட்சம்; 220-இல் வந்த அதே பங்கீடு. ஆனால் 440 ரூபாய் ஆர்டர் வரும்போது தம்பியின் மனக்கணக்கில் நூல் விலை 200 ஆகவே இருக்கும். ஏற்றுக்கொள்வார்.

இன்னொரு வழி, அண்ணன் கணக்கில் 235 வரவு, தம்பி கணக்கில் 200 பற்று என்று இரட்டை விலை எழுதிவிட்டு, நடுவில் வரும் 10.5 லட்சத்தைத் தலைமை அலுவலகக் கணக்கில் கழித்துக்கொள்வது. தாளில் அழகாக இருக்கும். இரண்டு பேரும் லாபத்தில் சிரித்துக்கொண்டிருக்க, கம்பெனி மட்டும் அவர்கள் கூட்டுத்தொகையைவிட 10.5 லட்சம் கீழே நிற்கும். பேரம் பேச இருவருக்கும் காரணம் இருக்காது. எனக்கு இதில் நம்பிக்கை குறைவு.

எந்த வழி என்றாலும் அந்த 200 என்பது முன்கூட்டி நிர்ணயித்த செலவாக இருக்கவேண்டும், மாதக் கடைசியில் ஆனது ஆகட்டும் என்று எழுதும் செலவாக இருக்கக்கூடாது. பஞ்சில் கழிவு கூடி, நூறு கிலோ பஞ்சுக்குக் கிடைக்கும் நூல் குறைந்தாலோ, ஒரு கிலோ நூலுக்கு ஆகும் மின்சார யூனிட் ஏறினாலோ, அது அண்ணனின் பொறுப்பு. உண்மைச் செலவை அப்படியே தள்ளிவிட அனுமதித்தால் மில்லின் கழிவுக்குப் பனியன் கம்பெனி பணம் கட்டும். அண்ணனுக்குக் கார்டிங் மெஷின் பக்கம் போய்ப் பார்க்கவே தோன்றாது.

அடுத்தது, "சும்மா கிடக்கிறது" என்ற சொல்லையே சோதிக்கவேண்டும். ரிங் ஃபிரேம் நிற்கிறது, சரி. ஆனால் தம்பி கேட்பது கோம்டு நூல் என்றால் அதற்குக் கோம்பர் மெஷின் வேண்டும். அது ஏற்கெனவே மூன்று ஷிஃப்டும் ஓடிக்கொண்டிருந்தால், ஃபிரேம் நின்று பயனில்லை. மில்லில் இடம் இல்லை என்றுதான் அர்த்தம். ஆள் இல்லாமல் நிற்கும் ஃபிரேமை ஓட்ட ஓவர்டைம் கொடுக்கவேண்டும் என்றால் 200 இல்லை, அதற்கு மேல். எந்த மெஷின் முதலில் நிரம்புகிறதோ அதை வைத்துத்தான் திறனை எண்ணவேண்டும்.

சந்தை திரும்பினால் எல்லாம் மாறும். மில்லின் 1,00,000 கிலோவையும் 260-க்கு வாங்க வெளியாட்கள் வந்துவிட்டால், தம்பிக்குக் கொடுக்கும் ஒவ்வொரு கிலோவும் வெளியில் நிற்கக்கூடிய 54 ரூபாயைத் தின்றுவிட்டுத்தான் வரும். கீழ் எல்லை 200-லிருந்து 254-க்குத் தாவும். அப்போதும் யாராவது தம்பிக்கு 235-க்குத் தரத் தயார் என்றால், வெளியே வாங்குவதுதான் கம்பெனிக்கு நல்லது. முன்பு தவறாகத் தெரிந்த அதே லாரி இப்போது சரியான லாரி.

சிக்கல் நடுவில்தான். சந்தை பாதி திரும்பி, மில்லில் 15,000 கிலோவுக்கு மட்டும் இடம் இருக்கிறது; தம்பிக்கு வேண்டியது 30,000. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் இங்கே சராசரி போடுவார்கள்: 15,000 கிலோவுக்கு 200, மீதிக்கு 254, சராசரி 227. வெளிவிலை 235-ஐவிடக் குறைவு, ஆகவே முழுவதையும் உள்ளேயே நூற்கலாம் என்று முடிப்பார்கள். மொத்தம் 68.1 லட்சம். ஆனால் முதல் 15,000 கிலோவை உள்ளே நூற்று, மீதி 15,000-ஐ வெளியே 235-க்கு வாங்கினால் 65.25 லட்சத்தில் முடிகிறது. சராசரி 2.85 லட்சத்தை விழுங்கிவிட்டது. வெளி மில், எடுத்தால் முழு 30,000 கிலோவும் எடு, இல்லாவிட்டால் வேண்டாம் என்று நிபந்தனை போட்டால் மட்டுமே 227-க்கு அர்த்தம் உண்டு.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. அண்ணன் மில்லும் தம்பி கம்பெனியும் தனித்தனி நிறுவனங்களாகப் பதிவாகியிருந்தால் இந்தக் கணக்கை அப்படியே எடுத்து நடக்கக்கூடாது. அப்போது நூல் கைமாறுவது விற்பனை. ஜிஎஸ்டி பில் போடவேண்டும், பங்குதாரர்கள் வேறானால் ஒருவர் லாபம் இன்னொருவர் வீட்டுக்குப் போகும், விலையை ஆடிட்டரிடம் கேட்டுத்தான் வைக்கவேண்டும்.

ஒரே கம்பெனிக்குள் நடத்துபவர்களுக்கு என் வேண்டுகோள் சின்னது. உள்விலையை வருடத்துக்கு ஒரு முறை கூடிப் பேசிச் சுற்றறிக்கை விட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள். நூல் ரேட் எழுதும் தாளின் தலைப்பில், அந்த மாதம் எத்தனை கதிர்கள் சும்மா நின்றன என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அந்த எண்ணிக்கை பூஜ்யத்தை நெருங்கும் மாதத்தில் 200 ரூபாய் ரேட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதுங்கள்.